தையல் கடையில் வாங்கும் அட்வான்ஸ் கணக்கில் எங்கே போகும்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் பிளவுஸ், சுடிதார் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். மார்ச் கணக்கை முடித்துக் கொடுத்த ஆடிட்டர், வாடிக்கையாளர்கள் கொடுத்த அட்வான்ஸ் 86,400 ரூபாயை வருமானத்தில் சேர்க்காமல் பொறுப்புகள் பக்கம் போட்டிருக்கிறார். நான் யாரிடமும் கடன் வாங்கவில்லை. பணம் கைக்கு வந்து, அதில் வாடகையும் கூலியும் கொடுத்தாகிவிட்டது. இப்படிப் போடுவது சரியா?

பதில்:

சரிதான். ஆனால் 86,400 என்ற தொகை சரியா என்பது தனிக் கேள்வி. அதைச் சொல்ல ஆடிட்டரால் முடியாது, உங்கள் பில் புக்கால்தான் முடியும். முதலில் ஏன் அந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிடுவோம்.

ஒரு அம்மா இன்று துணியைக் கொடுத்து 2,000 ரூபாய் அட்வான்ஸும் கொடுத்துவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். நாளைக் காலையில் வந்து, "கல்யாணம் தள்ளிப்போச்சு, தைக்க வேண்டாம்" என்கிறார். நீங்கள் கத்தரி வைக்கவில்லை. என்ன செய்வீர்கள்? துணியையும் பணத்தையும் திருப்பிக் கொடுப்பீர்கள். கொடுக்காவிட்டால் கடை வாசலில் சண்டைதான். அதாவது, அட்வான்ஸ் வாங்கிய நிமிடத்தில் உங்கள் தலையில் இரண்டில் ஒன்று விழுகிறது: தைத்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும். வட்டிக்கு வாங்கிய கடன் இல்லைதான். ஆனாலும் நீங்கள் இன்னொருவருக்கு ஏதோ ஒன்று கொடுக்க வேண்டிய நிலை. அப்படிப்பட்டதெல்லாம் கணக்கில் பொறுப்புகள் பக்கம்தான் நிற்கும். பணத்தை வாடகைக்குச் செலவழித்துவிட்டீர்களா, டிராயரில் வைத்திருக்கிறீர்களா என்பது இதை மாற்றாது.

அது எப்போது உங்கள் வருமானமாகிறது? தைத்து முடித்த அன்றா, வாடிக்கையாளர் வாங்கிக்கொண்டு போன அன்றா? டெலிவரி நாளையே எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. ஹூக் வைத்து அயர்ன் பண்ணி ஹேங்கரில் தொங்கும் பிளவுஸ் முடிந்துவிட்டது போலத்தான் தெரியும். ஆனால் போட்டுப் பார்த்துவிட்டு "கை டைட்டா இருக்கு, கழுத்து இன்னும் ஒரு இன்ச் இறக்கணும்" என்று சொல்லாத வாடிக்கையாளர் எத்தனை பேர்? அந்த ஆல்டரேஷனும் அதே கூலிக்குள்தானே வருகிறது. தவிர, டெலிவரி தேதி பில்லில் இருக்கும், பிறகு யாரும் மாற்ற முடியாது. தைத்து முடித்த தேதியைக் கட்டிங் மாஸ்டரின் ஞாபகத்தில்தான் தேட வேண்டும்.

இப்போது ஒரு ஆர்டரை முழுதாக எடுத்துக்கொள்வோம். பில் எண் 412. மார்ச் 16 அன்று ஒரு வாடிக்கையாளர் லைனிங் பிளவுஸ் ஐந்து, ஆரி வேலை செய்த கல்யாண பிளவுஸ் ஒன்று ஆர்டர் கொடுக்கிறார். லைனிங் பிளவுஸ் ஒன்றுக்கு 700, ஆரி பிளவுஸுக்கு 4,500. மொத்தம் 8,000. யுபிஐயில் 5,000 அட்வான்ஸ் போடுகிறார். அன்று கணக்கில் நடப்பது ஒன்றே ஒன்றுதான்: பேங்க் கணக்கில் 5,000 ஏறுகிறது (டெபிட்), 'வாடிக்கையாளர் அட்வான்ஸ்' என்ற கணக்கிலும் 5,000 ஏறுகிறது (கிரெடிட்). தையல் வருமானம் பூஜ்யம்.

மார்ச் 28 அன்று ஒரு விசேஷத்துக்காக மூன்று லைனிங் பிளவுஸை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறார். பணம் எதுவும் தரவில்லை; "மிச்சம் எல்லாம் சேர்த்து அப்புறம் தரேன்." கல்லாவில் ஒரு ரூபாய் கூட வரவில்லை என்பதால் பல கடைகளில் அன்று எதுவும் எழுதுவதில்லை. ஆனால் வருமானம் பிறந்தது அன்றுதான். மூன்று பிளவுஸ், 2,100 ரூபாய். அட்வான்ஸ் கணக்கிலிருந்து 2,100 குறைகிறது (டெபிட்), தையல் வருமானத்தில் 2,100 ஏறுகிறது (கிரெடிட்). அட்வான்ஸில் மிச்சம் 2,900.

மார்ச் 31 வருகிறது. இந்தப் பில்லுக்காக வருமானத்தில் 2,100, பொறுப்புகள் பக்கம் 2,900. உங்கள் ஆடிட்டர் காட்டிய 86,400 இப்படிப்பட்ட 2,900, 1,500, 600 எல்லாம் சேர்ந்ததுதான்.

ஏப்ரல் 19 அன்று மீதி இரண்டு லைனிங் பிளவுஸும் ஆரி பிளவுஸும் டெலிவரி. 1,400-ம் 4,500-ம் சேர்த்து 5,900. அவர் மீதி 3,000-ஐ ரொக்கமாகத் தருகிறார். அன்று தையல் வருமானம் 3,000 அல்ல, 5,900. அதில் 2,900 அட்வான்ஸ் கணக்கிலிருந்து வருகிறது, 3,000 கல்லாவுக்கு வருகிறது. இந்தப் பில்லுக்கான அட்வான்ஸ் பூஜ்யமாகிவிட்டது. இரண்டு வருடத்தின் வருமானத்தைக் கூட்டினால் 2,100-ம் 5,900-ம் சேர்ந்து 8,000. பில் தொகையும் அதுவே. ஒரு ரூபாய் கூட ஒளியவில்லை; 5,900 மட்டும் அடுத்த வருடக் கணக்கில் வருகிறது.

உங்கள் தொழிலில் இது பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் நாட்காட்டி. கணக்கு வருடம் முடிவது மார்ச் 31. யுகாதி ஆர்டர்கள் அதை ஒட்டி வரும். சித்திரை, வைகாசி கல்யாணங்களுக்கு மார்ச்சிலேயே துணி கொடுத்துவிடுவார்கள். யூனிஃபார்ம் தைக்கிறீர்கள் என்றால் ஜூனில் பள்ளி திறப்பதற்கான ஆர்டரும் அப்போதே ஆரம்பித்துவிடும். ஆக, அட்வான்ஸ் அதிகமாகக் குவிந்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் கணக்கை மூடுகிறோம். ஆகஸ்டில் வரமகாலட்சுமி பூஜை முடிந்த மறுவாரம் இதே கணக்கைப் பார்த்தால் தொகை பாதிகூட இருக்காது.

செலவுப் பக்கத்திலும் இதற்கு ஒரு ஜோடி உண்டு. அதே 412-ம் பில்லின் ஆரி வேலையை வெளியே கொடுத்து, மார்ச் 25 அன்று ஆரி வேலைக்காரருக்கு 1,800 கொடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். பிளவுஸின் வருமானம் ஏப்ரலில் வரப்போகிறது, ஆனால் அதற்கான கூலி மார்ச்சிலேயே செலவாகிவிட்டது. இதை அப்படியே விட்டால் இந்த வருட லாபம் 1,800 குறைந்து, அடுத்த வருட லாபம் 1,800 கூடித் தெரியும். அட்வான்ஸை மட்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டுச் செலவை இந்த வருடத்திலேயே வைப்பது ஒருதலைப்பட்சம். அதனால் மார்ச் 31 அன்று டெலிவரி ஆகாத வேலைகளுக்கு ஏற்கெனவே கொடுத்த ஆரி கூலி, பீஸ் ரேட் கூலி, போட்ட லைனிங் துணி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஆடிட்டரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை 'நடந்துகொண்டிருக்கும் வேலை' என்று சொத்துகள் பக்கம் போடுவார். பெரும்பாலான கடைக்காரர்கள் இந்தத் தாளைக் கொடுப்பதே இல்லை, ஆடிட்டர்களும் கேட்பதில்லை. நீங்கள் கொடுத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: வாடிக்கையாளர் கொண்டுவந்த பட்டுத்துணி உங்கள் ஸ்டாக் அல்ல. அது பத்தாயிரம் ரூபாய்த் துணியாக இருந்தாலும் உங்கள் கணக்கில் எங்கேயும் வராது.

சரி, 86,400 சரியான தொகையா என்பதற்கு வருவோம்.

பில் புக்கின் அடிக்கட்டைகளை எடுத்து வையுங்கள். மார்ச் 31 இரவு நிலவரப்படி முழுதாக டெலிவரி ஆகாத பில்களை மட்டும் தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு, அதில் டெலிவரி ஆன உருப்படிகளுக்குக் கழித்தது போக மிச்சம் எவ்வளவு என்று போடுங்கள். கூட்டுத்தொகை 86,400 வர வேண்டும். வந்தால் நிம்மதி. வராவிட்டால் எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்தே தவறைக் கண்டுபிடித்துவிடலாம்.

புத்தகத்தில் இருக்கும் தொகை உங்கள் பட்டியலைவிட அதிகம் என்றால், பெரும்பாலும் டெலிவரி நாளில் அட்வான்ஸைக் கழிக்க மறந்திருக்கிறார்கள். கடையில் கணக்கு எழுதும் பையன் 19-ம் தேதி "தையல் வருமானம் 3,000" என்று மட்டும் எழுதிவிடுவான், ஏனென்றால் அவன் கையில் வந்தது அவ்வளவுதான். 2,900 அட்வான்ஸ் கணக்கிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், எந்த வருடமும் வருமானமாகாது. இப்படி இரண்டு மூன்று சீசன் ஓடினால் அட்வான்ஸ் தொகை வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும், இறங்கவே இறங்காது. வருமான வரிக்காரர்கள் கணக்கைப் பார்த்தால் முதலில் கேட்பது இதைத்தான்: "இந்த வாடிக்கையாளர்களெல்லாம் யார், இன்னுமா துணி வாங்கவில்லை?"

புத்தகத்தில் இருப்பது குறைவு என்றால், பெரும்பாலும் அட்வான்ஸாக வந்த சில தொகைகள் கணக்கிலேயே ஏறவில்லை. காரணம் அநேகமாக யுபிஐ. கடை ஸ்கேனருக்குப் பதிலாக உங்கள் சொந்த நம்பருக்கோ வீட்டம்மாவின் நம்பருக்கோ பணம் போயிருக்கும். பில்லில் அட்வான்ஸ் என்று எழுதியிருப்பீர்கள், பேங்க் ஸ்டேட்மென்டில் இருக்காது. டெலிவரி நாளில் அந்த அட்வான்ஸைக் கழிக்கும்போது இல்லாத ஒன்றைக் கழித்து, அந்த வாடிக்கையாளர் பெயரில் மைனஸ் நிற்கும். அட்வான்ஸ் பட்டியலில் மைனஸில் ஒரு பெயர் தெரிந்தால் உடனே அந்தப் பில்லை எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது ஒரு தவறு உண்டு. அதிலும் மார்ச் 31 அன்று புத்தகத்தில் அட்வான்ஸ் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் அடி விழுவது வருமானத்தில். 16-ம் தேதி வந்த 5,000-ஐ அன்றே விற்பனை என்று எழுதிவிட்டு, ஏப்ரலில் டெலிவரி பில் 8,000-ஐயும் முழுதாக விற்பனை என்று எழுதுவது. 8,000 ரூபாய் வேலைக்கு 13,000 வருமானம் காட்டியாகிவிட்டது. இல்லாத 5,000-க்கு நீங்களே வரி கட்டுகிறீர்கள். கல்லாவும் பேங்கும் சேர்ந்து வந்த பணத்தைவிட விற்பனை அதிகமாக இருந்தால், கடன் பாக்கி யாரும் வைக்காத நிலையில், இதுதான் நடந்திருக்கிறது.

டேலியில் எழுதுகிறீர்கள் என்றால் வழி எளிது. `Current Liabilities` என்ற குரூப்பின் கீழ் அட்வான்ஸுக்கு ஒரு லெட்ஜர் திறந்து, அதில் பில் வாரியாகக் காட்டும் வசதியை ஆன் செய்துவிடுங்கள். பணம் வாங்கும்போது `Advance` என்று தேர்ந்தெடுத்து உங்கள் பில் எண் 412-ஐயே ரெஃபரன்ஸாகக் கொடுங்கள். டெலிவரியில் `Agst Ref` போட்டு அதே 412-ஐத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் பட்டியலைத் திறந்தால் எந்தப் பில்லில் எவ்வளவு நிற்கிறது என்று தெரியும். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனி லெட்ஜர் திறக்க வேண்டாம். தையல் கடைக்கு அது வீண் வேலை. டேலி இல்லையென்றால் ஒரு நீளமான நோட்டு போதும். பில் எண், வாங்கிய தேதி, அட்வான்ஸ், டெலிவரியில் கழித்தது, மிச்சம். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் மிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். மார்ச்சுக்காகக் காத்திருந்தால் பழைய பில்லில் என்ன நடந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இந்த வருடம்தான் முதல் முறையாக ஆடிட்டர் இப்படிப் போட்டிருக்கிறார் என்றால், அவரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. போன வருடம் மார்ச் 31 அன்று நின்ற அட்வான்ஸை என்ன செய்தார்? அப்போது அதை வருமானமாகவே காட்டி வரியும் கட்டியிருந்தால், அந்த ஆர்டர்கள் இந்த வருடம் டெலிவரி ஆனபோது மறுபடியும் முழுத் தொகை வருமானத்தில் ஏறியிருக்கக் கூடாது. முறை மாறும் வருடத்தில் இந்த இரட்டிப்பு நடப்பது சகஜம். போன ஏப்ரல், மே மாத டெலிவரி பில்களில் நான்கைந்தை எடுத்து, அவற்றின் அட்வான்ஸ் எந்த வருடத்தில் வருமானமானது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கர்நாடகத்தில் சேவைத் தொழிலுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். பதிவு இல்லையென்றால் இந்தப் பத்தியையும் அடுத்ததையும் விட்டுவிடலாம். இருந்தால் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இங்கே ஜிஎஸ்டி வேறு வழியில் போகிறது. வாடிக்கையாளர் துணியை வாங்கித் தைத்துக் கொடுப்பது சேவை. சேவைக்கு அட்வான்ஸ் வாங்கிய நாளிலேயே வரிப் பொறுப்பு வந்துவிடும். பொருள் விற்பவர்களுக்கு அட்வான்ஸுக்கு வரி வேண்டாம் என்று 2017 நவம்பரில் விலக்குக் கொடுத்தார்கள். அந்த விலக்கு சேவைக்குக் கிடையாது. பக்கத்து ஜவுளிக் கடைக்காரர் "அட்வான்ஸுக்கு ஜிஎஸ்டி இல்லையே" என்று சொன்னால், அவர் சொல்வது அவர் கடைக்குச் சரி. ஆக உங்கள் புத்தகம் 2,900-ஐ இன்னும் வருமானமில்லை என்று சொல்லும். ஜிஎஸ்டி அதற்கு இப்போதே வரி கட்டு என்று சொல்லும். இரண்டும் ஒரே நேரத்தில் சரிதான்.

தையல் சேவைக்கான வரியை 2018 ஜனவரியில் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். 412-ம் பில்லில் நீங்கள் சொன்ன விலை வரியையும் சேர்த்தது என்று வைத்துக்கொண்டால், மார்ச்சில் டெலிவரி ஆன 2,100-க்குள் வரி 100 ரூபாய். அதற்கு மார்ச்சிலேயே பில் போட்டிருப்பீர்கள். தையல் வருமானமும் 2,100 அல்ல, 2,000. மிச்சம் நிற்கும் 2,900-ஐ 105-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 138 ரூபாய் 10 பைசா. அது மார்ச் மாத `GSTR-1`-ல் `11A` அட்டவணையில் போக வேண்டும். ஏப்ரலில் மீதி 5,900-க்குப் பில் போடும்போது `11B`-யில் அதைக் கழித்துவிடலாம். அட்வான்ஸும் டெலிவரியும் ஒரே மாதத்துக்குள் முடிந்துவிட்ட ஆர்டர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர் என்றால் அதே காலாண்டுக்குள் முடிந்தால் போதும். அட்வான்ஸ் வாங்கும்போது ரசீது வவுச்சர் ஒன்றும், ஆர்டர் ரத்தாகிப் பணத்தைத் திருப்பினால் திருப்பிய வவுச்சர் ஒன்றும் எழுத வேண்டும். ரத்தான ஆர்டருக்கு முன்பு கட்டிய வரியைக் கழிக்க அந்த இரண்டாவது வவுச்சர்தான் ஆதாரம்.

கடைசியாக, உங்கள் 86,400-க்குள் கட்டாயம் சில பழைய பில்கள் ஒளிந்திருக்கும். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வராமலே போனவர்கள். வீடு மாறியிருப்பார்கள், நம்பர் மாறியிருக்கும், அல்லது அந்த பிளவுஸே மறந்துபோயிருக்கும். இவற்றை வருடக் கடைசியில் சத்தமில்லாமல் தையல் வருமானத்தில் சேர்த்துவிடுகிற பழக்கம் சில கடைகளில் உண்டு. வேண்டாம். முதலில் போன் பண்ணுங்கள், ஒரு மெசேஜ் அனுப்புங்கள், தேதியை அடிக்கட்டையிலேயே எழுதி வையுங்கள். இனி வரமாட்டார்கள் என்று உங்களுக்கே உறுதியான பிறகு, தைத்து முடித்த வேலையாக இருந்தால், அந்தத் தொகையைப் 'பிற வருமானம்' என்ற தனித் தலைப்பில் எடுத்துக்கொள்ளலாம். எந்தெந்தப் பில் என்ற பட்டியல் கூடவே இருக்க வேண்டும். தைக்கவே இல்லை என்றால் அது இன்னும் அவர் பணம்தான். பொறுப்புகள் பக்கமே இருக்கட்டும்.

துணி விஷயம் வேறு. கூலி பாக்கி தரும்வரை தைத்த துணியைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. வைத்துக்கொள்ளத்தான் உரிமை, விற்க அல்ல. அதனால் அட்வான்ஸைப் பிற வருமானத்துக்கு மாற்றினாலும் அந்தப் பையில் பில் எண்ணை ஒட்டி அலமாரியில் வைத்திருங்கள். ரெண்டு வருடம் கழித்து ஒருவர் பழைய ரசீதோடு வந்து நின்றால், துணியைக் கொடுத்துவிட்டு மீதிப் பணத்தை வாங்கி அந்த நாளின் வருமானமாக எழுதினால் போதும். பழைய வருடக் கணக்கைத் திறக்க வேண்டியதில்லை.